சம்பா வயலில் திடீர்ப் புகையான்: தெளிக்கும் முன் தண்ணீரை வடியுங்கள்

வட்டார வேளாண்மை அலுவலர், திருவாரூர் மாவட்டம்

மழை ஓய்ந்து, வானம் மப்பும் மந்தாரமுமாக நின்ற இந்த ஒரு வாரத்தில் நம் வட்டாரத்தில் பல வயல்களில் புகையான் ஏறியிருக்கிறது. பி.பி.டி 5204 நட்ட இடங்களில் சேதம் கூடுதல். பயிர் வட்ட வட்டமாகப் பழுத்து, தீயில் கருகியது போல் சாய்கிறது. "நேத்து வரைக்கும் பச்சையா இருந்துச்சு சார்" என்கிறார்கள். மேலே பார்த்தால் பச்சைதான். பூச்சி இருப்பது கீழே, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேல், தூரில்.

ஒரு தாய்ப்பூச்சி இருநூறு முட்டைக்கு மேல் இடும். அவற்றை இலை உறைக்குள் செருகிவிடுவதால் மருந்து முட்டையைத் தொடாது. ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சு பொரிக்கும். அது சாற்றை உறிஞ்சிக்கொண்டே இரண்டு வாரத்தில் வளர்ந்த பூச்சியாகிவிடும். இப்படி ஒரு தலைமுறை கண்ணில் படாமல் பெருகி, அடுத்த தலைமுறையில் பயிர் கருகும்போதுதான் நமக்குத் தெரிகிறது.

இவ்வளவு பெருக என்ன காரணம்? நெருக்கி நட்டது, யூரியாவை அள்ளிப் போட்டது, தண்ணீரைத் தேக்கியே வைத்தது, இவை எல்லாம் உண்டு. ஆனால் நான் பார்த்த மோசமான வயல்களில் பெரும்பாலானவற்றில் இன்னொன்றும் இருந்தது. இலைச்சுருட்டுப் புழுவுக்கென்று சில வாரங்களுக்கு முன் பைரித்ராய்டு மருந்து அடித்திருக்கிறார்கள். விலை குறைவு, புழுவும் உடனே விழும். கூடவே புகையானைத் தின்னும் சிலந்தியும், அதன் முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்துவிடும். காவல் இல்லாத வயலில் புகையான் பல மடங்காகும். குயினால்பாஸ் மருந்துக்கும் இதே கதைதான். எனவே இப்போது பதறிப்போய் கடையில் "எதாவது குடுங்க" என்று கேட்டு இவற்றை மறுபடி அடித்துவிடாதீர்கள், தயவுசெய்து.

முதலில் வயலுக்குள் இறங்குங்கள். வரப்பில் நின்று பார்த்தால் போதாது. அங்கங்கே பத்து, இருபது குத்தைச் சாய்த்து அடியில் தட்டினால் பூச்சி தண்ணீரில் விழும், எண்ணிவிடலாம். சிம்புக்கு ஒன்று என்றால் மருந்து தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் சிம்புக்கு இரண்டு வரை பொறுக்கலாம். அதாவது 15 சிம்பு உள்ள குத்தில் 15 பூச்சி. சிலந்தி இருந்தால் 30. அதற்குக் கீழே என்றால் மருந்துச் செலவு வேண்டாம், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எண்ணிக்கொண்டே இருங்கள்.

எண்ணிக்கை எதுவானாலும் தண்ணீரை இன்றே வடியுங்கள். மூன்று நான்கு நாள் வயல் காயட்டும், அப்புறம் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டுங்கள். எட்டடிக்கு ஒரு அடி பட்டம் பிரித்து, பயிரை இரு பக்கமும் ஒதுக்கிவிட்டால் வெயிலும் காற்றும் தூருக்குப் போகும். மேலுரமாக யூரியா பாக்கி இருந்தால் நிறுத்தி வையுங்கள்.

அளவு தாண்டிவிட்டதா? ஏக்கருக்கு பைமெட்ரோசின் 50 டபிள்யூ.ஜி 120 கிராம், அல்லது டிரைபுளூமெசோபைரிம் 10 எஸ்.சி 94 மில்லி. இரண்டில் ஒன்று மட்டும். வேறு மருந்தோடு கலக்க வேண்டாம். 200 லிட்டர் தண்ணீர் பிடியுங்கள், வயலை வடித்த பிறகு, பட்டத்தில் நடந்து, முனையைத் தாழ்த்தித் தூர் நனையும்படி அடியுங்கள். மேலே தூவிவிட்டுப் போனால் காசு வீண்தான். டிரோன் தெளிப்பை இந்தப் பூச்சிக்கு நான் பரிந்துரைப்பதில்லை, இலைப்பரப்பைத் தாண்டிக் கீழே போதுமான அளவு இறங்காது.

பைமெட்ரோசின் அடித்த மறுநாள் பூச்சி உயிரோடு இருப்பதைப் பார்த்து, மருந்து போலி என்று சிலர் வேறொன்றை அடித்துவிடுகிறார்கள். அந்த மருந்து பூச்சியைச் சாறு உறிஞ்சவிடாமல் செய்யும். பட்டினியில் சாக இரண்டு மூன்று நாள் ஆகும். பொறுங்கள்.

கருகிப்போன திட்டு திரும்பப் பச்சையாகாது. அதைச் சுற்றி ஐந்தாறு அடிக்கு நன்றாக நனையுங்கள், பூச்சி அங்கேதான் நகர்ந்திருக்கும். பக்கத்து வயல்காரரிடமும் அன்றே சொல்லிவிடுங்கள். இறக்கை நீண்ட பூச்சி பறந்து போய்விடும், ஒருவர் மட்டும் செய்து பயனில்லை.

முன்பட்டத்தில் நட்டு, கதிர் முக்கால்வாசிக்கு மேல் பழுத்துவிட்ட வயலுக்கு மருந்தே வேண்டாம். தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, அறுவடை இயந்திரத்துக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.