பகுதி 9: போட்ட பணம் திரும்பும் வழியும் காலமும்

சென்ற மாதம் நல்லூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இந்தத் திட்டத்தை விளக்கினோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தம்பி, லாபத்தை விடு. போட்ட காசை எப்ப கையில காணலாம் எண்டு சொல்லு" என்றார். இந்தப் பகுதி முழுவதும் அவருக்கான பதில்தான்.

அச்சுவேலியில் இயங்கும் எமது மிளகாய்த்தூள் ஆலைக்கு 2 கோடி 40 இலட்சம் ரூபா திரட்டுகிறோம். பங்கொன்று 100 ரூபாவாக 240,000 பங்குகள் வழங்கப்படும். மொத்தப் பங்குகள் 600,000 ஆகும்போது உங்கள் தரப்புக்கு 40 வீதம், எங்களுக்கு 60 வீதம்.

முதல் இரண்டு நிதியாண்டுகளில், அதாவது 2026/27, 2027/28 இல், பங்கிலாபம் எதுவும் தரமாட்டோம். இப்போது தூள் வறுப்பது நான்கு பேர் கைத்தாச்சியில். கொத்தமல்லி ஒரு பிடி கூடக் கருகினால் அந்த வறுவல் முழுவதும் கசக்கும், ஏற்றுமதிக்கு உதவாது. அந்த இழப்பை நிறுத்தும் வறுக்கும் இயந்திரத்துக்கும் பொதியிடும் இயந்திரத்துக்குமே அந்த இரண்டு ஆண்டு இலாபமும் போகும். 2028/29 இலிருந்து வரி போக மிஞ்சும் இலாபத்தில் 30 வீதம் ஆண்டுதோறும் பங்கிலாபமாக வரும்.

முதலைத் திருப்புவதற்கு நாங்கள் பெரிதும் நம்பும் வழி, கம்பனியே உங்கள் பங்குகளை மீள வாங்குவது. இது 2031 ஒக்ரோபரில் தொடங்கும். விலையை நாங்கள் நினைத்தபடி வைக்க முடியாது: கணக்காய்வு செய்த முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தை 6 ஆல் பெருக்கி, மொத்தப் பங்குகளால் பிரிப்போம். அந்த மூன்று ஆண்டுகளிலும் 1.5, 2, 2.5 கோடி ரூபா இலாபம் வருமென எதிர்பார்க்கிறோம். அப்படியானால் பங்கின் விலை 200 ரூபா, அதற்குள் கிடைத்த பங்கிலாபம் 30 ரூபா. ஆண்டுக்கு ஏறத்தாழ 16 வீதம் வரும். இலாபம் அதில் பாதியாகவே அமைந்தால் 100 ரூபா முதலும் 15 ரூபா பங்கிலாபமும் மட்டுமே. வங்கியில் நிலையான வைப்பில் போட்டிருந்தால் அதைவிடக் கூடக் கிடைத்திருக்கும். இதைத் தெரிந்துகொண்டுதான் நீங்கள் கையெழுத்திட வேண்டும்.

இன்னொன்று. மீள வாங்குவதற்கு ஓராண்டில் செலவிடக்கூடியது முந்தைய ஆண்டு இலாபத்தின் 40 வீதம் வரையே. 2.5 கோடி இலாபம் என்றால் 1 கோடி, அதாவது 50,000 பங்குகள். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் நான்கைந்து ஆண்டுகள் பிடிக்கும். கேட்டவர்களுக்கு அவரவர் பங்கு அளவுக்கேற்பப் பிரித்துத் தருவோம். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, கொடுப்பனவுக்குப் பிறகும் கடன்களை உரிய காலத்தில் தீர்க்க முடியும், சொத்துகள் பொறுப்புகளையும் கூறப்பட்ட மூலதனத்தையும் விட அதிகம் என்று பணிப்பாளர் சபை திருப்திப்பட வேண்டும். மிளகாய் விலை எகிறிய ஆண்டில் இது தடைப்படலாம். அந்தத் தொகை அடுத்த ஆண்டுக்குப் போகும்.

உங்கள் பங்குகள் யாவும் மீள வாங்கப்படும்வரை எங்கள் பங்கில் ஒன்றையும் கம்பனிக்கு விற்கமாட்டோம்.

கொழும்பில் உள்ள வாசனைத் திரவிய ஏற்றுமதியாளரோ, ரொறன்ரோ, இலண்டன் கடைகளுக்கு விநியோகிக்கும் நிறுவனமோ ஆலையை முழுதாக வாங்க வரலாம். 2032 க்கு முன் அதை எதிர்பார்க்கவில்லை. வந்தால் எங்களுக்குக் கிடைக்கும் விலையே உங்களுக்கும். 75 வீதப் பங்குகள் சம்மதிக்காமல் விற்பனை நடக்காது. எங்கள் 60 வீதத்துடன் உங்கள் தரப்பிலிருந்தும் மொத்தப் பங்குகளில் 15 வீதம் சேர வேண்டும்.

வாங்க வருபவர் முதலில் கேட்பது காணியைத்தான். ஆலை நிற்பது என் மனைவியின் சீதனக் காணி. தேசவழமையின்படி விற்கும்போது மனைவி, கணவன், பங்காளிகளின் உரிமைகள் எழக்கூடும் என்பதால், காணியைக் கம்பனிச் சொத்தாகக் காட்டவில்லை. 2041 வரை நொத்தாரிசு முன்னிலையில் எழுதிப் பதிந்த குத்தகை இருக்கிறது. புதிய உரிமையாளருக்கும் அது செல்லும்.

கொழும்புப் பங்குச் சந்தைப் பட்டியல் எங்கள் கணக்கில் இல்லை.

வெளிநாட்டு உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். பணத்தை உண்டியலில் அனுப்பவேண்டாம். இலங்கை வங்கியொன்றில் உள்முக முதலீட்டுக் கணக்கு திறந்து அதன்மூலம் அனுப்பினால்தான் பங்கிலாபமும் விற்ற பணமும் முறையாக வெளியே போகும். பங்கு விலையும் பங்கிலாபமும் ரூபாவில், 2022 இல் ரூபா சரிந்ததை எல்லோரும் பார்த்தோம், அந்த நட்டத்தை எங்களால் ஈடுசெய்ய முடியாது.

ஆலை மூடவேண்டி வந்தால், ஊழியர் நிலுவை, வரி, வங்கிக் கடன் உள்ளிட்ட எல்லாக் கடன்களும் தீர்த்தபின் மிஞ்சுவதில் உங்கள் 100 ரூபாக்கள் முதலில், எங்கள் பங்குகள் பிறகு. இதற்காக உங்களுக்கு முன்னுரிமைப் பங்கு வகுப்பு வழங்கப்படும். ஒவ்வோர் ஆண்டும் செப்ரெம்பர் 30 க்குள் கணக்காய்வு அறிக்கையுடன், மேற்சொன்ன சூத்திரப்படி அன்றைய பங்கு விலையையும் எழுதி அனுப்புவோம்.