விடயம்: பயணச் செலவு மீளளிப்பு: ஆகஸ்ட் 1 முதல் மாறுபவை

அனைத்து உத்தியோகத்தர்களுக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

திருத்திய கொள்கை 14 பக்கம், இணைப்பில் உள்ளது. களத்துக்குப் போகிறவர்களைத் தொடும் மாற்றங்களை மட்டும் இங்கே எழுதுகிறோம். ஜூலையில் புறப்பட்ட பயணங்களுக்குப் பழைய விதியே.

சொந்த மோட்டார் சைக்கிள்: கிலோமீற்றருக்கு 24 ரூபாய் இருந்தது, இனி 30. மட்டக்களப்பு அலுவலகத்திலிருந்து கல்முனைக்குப் போய்வர மீட்டரில் 80 கி.மீ. ஓடியிருந்தால் 2,400 ரூபாய். பெற்றோல், டயர், சேர்விஸ் எல்லாம் இதற்குள் அடக்கம். பெற்றோல் பில்லையும் சேர்த்து அனுப்பினால் ஒரே செலவை இரண்டு தடவை கேட்டதாகிவிடும். வவுச்சர் திரும்பி வரும். வீட்டிலிருந்து நேரே களத்துக்குப் போனால், வீட்டுத் தூரம், அலுவலகத் தூரம் இரண்டில் குறைந்ததையே எழுதுங்கள். புறப்படும்போதும் திரும்பியதும் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள்.

பில்கள்: அதிகம் திருப்பி அனுப்ப வேண்டி வருவது எழுத்து மறைந்த பில்களைத்தான். கடைகளில் மெஷின் அடித்துத் தரும் பளபளப்பான தாளில் மை இல்லை. சூடு பட்டுத்தான் எழுத்து வருகிறது. பேர்ஸிலும் சைக்கிள் சீட்டுக்கு அடியிலும் இருந்தால் வெயிலில் தாள் கறுத்துவிடும், அல்லது எழுத்து வெளிறிவிடும். மேலே செலோடேப் ஒட்டினாலும் பசை எழுத்தைத் தின்னும். ஆகவே பில் கைக்கு வந்த அன்றே படம் எடுங்கள். திகதி, கடைப்பெயர், மொத்தத் தொகை மூன்றும் தெரிந்தால் அந்தப் படத்தையே ஏற்போம். இது புதிது. ஆனால் எழுத்து மறைந்திருந்தாலும் மூலப் பில்லையும் கூடவே இணைக்க வேண்டும்.

ஓட்டோ, தனியார் பஸ்: பில் கிடைக்காது என்பது எங்களுக்கும் தெரியும். நாளுக்கு 1,500 ரூபாய் வரை உங்கள் கையொப்பமே போதும். எங்கிருந்து எங்கே, எதற்காக, எவ்வளவு என்று எழுதுங்கள்; ஓட்டோ என்றால் அதன் இலக்கமும் வேண்டும். "களப்பணி" என்று மட்டும் எழுதினால் போதாது. "பொத்துவில், மகளிர் சங்கக் கூட்டம்" என்பதுபோல இருக்கட்டும். 1,500 ரூபாய்க்கு மேல் போனால் சாரதி ஒப்பமிட்ட துண்டு அவசியம்.

உணவு: 8 மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் நின்றால் 800 ரூபாய், பில் தேவையில்லை. பயிற்சியில் சாப்பாடு தந்திருந்தால் இந்தப் படி இல்லை. நோன்பு மாதத்தில் இதையே நோன்பு திறக்கும் செலவுக்கு எடுக்கலாம்.

தங்குமிடம்: இரவுக்குக் கொழும்பில் 9,000, மற்ற இடங்களில் 6,500 ரூபாய் வரை. பில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

முற்பணம்: திரும்பி வந்து 7 வேலை நாட்களுக்குள் கணக்கைத் தீர்த்துவிடுங்கள், முன்பு 14 நாள். பழையது தீராமல் புதியது தர முடியாது. மாதக் கணக்கு 5ஆம் திகதி மூடப்படுவதால், பிந்தி வரும் வவுச்சர் அடுத்த மாதச் செலவாகி உங்கள் திட்ட பட்ஜெட்டையே குழப்பும்.

திங்கள் மதியத்துக்குள் வரும் வவுச்சர்களுக்கு அந்த வெள்ளிக்கிழமை வங்கியில் பணம் வைப்பிலிடுவோம். அக்கரைப்பற்று உப அலுவலகத்தில் இருப்பவர்கள் படங்களை மின்னஞ்சலில் அனுப்பலாம். மூலப் பில்கள் வாராந்த வாகனத்தில் வந்தால் சரி. சந்தேகம் இருந்தால் பயணத்துக்கு முன்பே இந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக் கேளுங்கள்.

நிதிப் பிரிவு
மட்டக்களப்பு அலுவலகம்