மாமாவுக்கு ஒரு வேண்டுகோள்

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கு நானும் கவிதாவும் குழந்தையும் நலம். காவேரிப்பட்டணத்தில் நீங்களும் அத்தையும் பாட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு மாதமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். குடும்பக் குழுவில் நாலு பேர் பார்க்கும்படி எழுதுவது முறையல்ல என்பதால் உங்களுக்கு மட்டும் தனியாக எழுதுகிறேன்.

நீங்கள் நாள்தோறும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் காலை வணக்கப் படங்களும் மருத்துவக் குறிப்புகளும் வீடியோக்களும் எங்கள் மேல் உள்ள அக்கறையால்தான் வருகின்றன என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. பல கை மாறி, இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மேல் அனுப்ப முடியாது என்று 2020-இல் கட்டுப்பாடு வந்தது. அது தெரியாமல், போன் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்து, பொங்கலன்று நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு, பெரியம்மாவுக்கு, எனக்கு என்று ஒவ்வொரு பெயராகத் தேடி ஒரே செய்தியை அனுப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவ்வளவு பொறுமையாக எங்களை நினைப்பவரிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் இத்தனை நாள் தயங்கினேன்.

பாட்டியின் கண் அறுவைச் சிகிச்சை நாள் மாறியது உங்களுக்கு நினைவிருக்கும். "வெள்ளிக்கிழமை இல்லை, புதன்கிழமையே வரச் சொல்லிவிட்டார்கள், தர்மபுரிக்கு நீ வர முடியுமா" என்று திங்கள் மாலை எழுதியிருந்தீர்கள். எங்கள் கம்பெனியில் இரவு ஷிப்டுக்குப் போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். காலையில் எடுத்துப் பார்த்தபோது அந்த இரண்டு வரிக்குக் கீழே இருபத்து மூன்று படங்களும் வீடியோக்களும் வந்திருந்தன. வழக்கமானவைதான் என்று எண்ணித் திறக்காமலே தூங்கிவிட்டேன். புதன்கிழமை இரவு படித்தபோது நீங்கள் பாட்டியைத் தனியாகப் பஸ்ஸில் அழைத்துப் போய், எல்லாம் முடிந்து வீட்டுக்கே திரும்பியிருந்தீர்கள். ஏன் வரவில்லை என்று இன்றுவரை நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மாமா. அதுதான் என் மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது. திறந்து பார்க்காதது முழுக்க என் தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தை மாதத்தில் ஒகேனக்கல்லில் வெள்ளம், பரிசலை நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு வீடியோ வந்ததல்லவா? நல்ல எண்ணத்தோடுதான் எங்களை எச்சரித்தீர்கள். ஆனால் கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் தண்ணீர் திறக்கும் ஆடி, ஆவணியில் எடுத்த பழைய காட்சி அது. அதை நம்பிப் பெரியம்மா வீட்டார் பயணத்தையே தள்ளிப்போட்டார்கள். யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று தெரியாத ஒன்று உங்கள் பெயரில் வரும்போது, தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்கள் நம்புகிறார்கள்.

சென்ற வாரம் தோப்பில் பெங்களூரா மரம் பூத்திருப்பதைப் படம் எடுத்து அனுப்பினீர்களே, ஓரத்தில் உங்கள் கட்டைவிரலும் விழுந்திருந்தது. பூவில் தத்துப்பூச்சி இருக்கிறது, மருந்து அடிக்க ஆள் கிடைக்கவில்லை என்று குரல் பதிவும் வந்தது. அதில் தூரத்தில் ஒரு மயில் அகவியது. அந்தப் பதிவைக் குழந்தைக்கு நான்கு முறை போட்டுக் காட்டினேன். இப்போது மயில் சத்தம் கேட்டாலே அவள் "தாத்தா" என்கிறாள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: பிறர் அனுப்பியதை இனி எனக்கு அனுப்ப வேண்டாம், நீங்களே எடுத்த படம், நீங்களே பேசிய பேச்சு எத்தனை வந்தாலும் எனக்கு வேண்டும். இரண்டு நாள் உங்களிடமிருந்து எதுவும் வராவிட்டால் நானே போன் செய்துவிடுவேன். மருத்துவம், வெள்ளம் போன்றவற்றில் உண்மையா என்று கேட்க நினைத்தால் தாராளமாக அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அவசரச் செய்தி என்றால் மட்டும் எழுதிவிட்டு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். லாக்கரிலிருந்து எடுத்ததும் கூப்பிடுகிறேன்.

இதைப் படித்து மனம் வருந்த மாட்டீர்கள் என்ற உரிமையில்தான் எழுதினேன். வரும் ஞாயிறு காலை மூவரும் வருகிறோம். மருந்து அடிக்க ஆள் அமையவில்லை என்றால் அன்று நானே உங்களோடு தோப்புக்கு வருகிறேன். பாட்டிக்குச் சொட்டு மருந்து தீர்ந்திருந்தால் சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், இங்கிருந்தே வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்
செந்தில்