இறங்கும் வழி

மூன்று சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மாலையில் டாக்டர் சொல்லிப் போயிருந்தார். குடை, சாவி. மூன்றாவது நழுவிவிட்டது. அதைத் தேடிக்கொண்டே படுத்திருந்தபோதுதான் நடையிலிருந்து அந்த முனகல் வந்தது.

தரை துடைப்பவளின் குரல். துடைப்பத்தின் இழுப்புக்கு ஏற்ப மெல்ல மேலேறியது. வார்டு வாசலைத் தாண்டியதும் அறுந்தது.

மோகனம். மனம் சட்டென்று சொல்லிவிட்டது. நாற்பது ஆண்டுகள் ஆர்மோனியப் பெட்டியோடு வாழ்ந்தவர். ச ரி க ப த, மேலே ச. மத்யமமும் நிஷாதமும் இல்லை. வேறென்ன?

ஆனால் ஏதோ உறுத்தியது. மோகனம் இப்படித் தயங்காது. ஏறி நின்ற இடத்தில் அந்தக் குரல் இறங்கப் படி தேடியது போலிருந்தது. ஏற்றத்தை மட்டும் கேட்டுவிட்டு ராகத்துக்குப் பெயர் சொன்னால் மகளின் விரலில் செல்லமாகத் தட்டுவார். இறங்குவதையும் கேள், பிறகு சொல்.

வலது கையைப் போர்வைமேல் விரித்தார். ஆள்காட்டி விரலைக் கவ்வியிருந்த கிளிப் இடைஞ்சலாக இருந்தது. கழற்றினார். கருவி அலறியது. நர்ஸ் ஓடி வந்து மாட்டிவிட்டு, "தூங்குங்கள் தாத்தா" என்றாள்.

வாளி உள்ளே வந்தது.

"அம்மா, நீ பாடியது என்ன பாட்டு?"

அவள் திடுக்கிட்டாள். "பாடினேனா? சத்தமாகக் கேட்டதா ஐயா? இனிமேல் பாடமாட்டேன்."

"ஐயோ, பாடு. மிச்சத்தைப் பாடு."

கேட்டதும் வரவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள். "பாத்திரம் கழுவும்போது எங்கள் அம்மா முனகுவாள். வார்த்தை கிடையாது." வெட்கப்பட்டுக் குனிந்து துடைக்கத் தொடங்கினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்தால் வராது என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாவது கட்டிலுக்கடியில் துடைப்பம் போனபோது தானாக வந்தது. ஏறியது. நின்றது. பிறகு நி, த, ப என்று இறங்கி, ஏறும்போது விட்டுவிட்டுப் போன மத்யமத்தைத் தொட்டு, க ரி ச என்று வந்து உட்கார்ந்தது. போர்வைமேல் அவர் விரல்களும் கூடவே இறங்கின.

பெயர் வரவில்லை. வடிவம் முழுவதும் கையில் இருக்கிறது, பெயர் மட்டும் இல்லை. கண்ணோரம் நனைந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும். ஜன்னல் வெளுக்கும்வரை.

காலையில் டாக்டர் வந்தார். மகள் தலைமாட்டில் நின்றாள்.

"நேற்றுச் சொன்ன மூன்று சொற்கள்?"

"குடை. சாவி." விரல்கள் அசைந்தன. "பிலகரி."

டாக்டர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். மகள் அதைப் பார்க்கவில்லை. அசைந்துகொண்டிருந்த விரல்களுக்கடியில் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"ஏறும்போது மோகனம் அப்பா."

"இறங்கும்போது?" என்றார் அவர்.