பில் எண் 118: பாக்கித் தொகைக்கான வட்டிக் கணக்கும், இனி எங்கள் பில்லில் வரும் தாமத வட்டி விதியும்

திருப்பூர்
21 அக்டோபர் 2024, திங்கள்

அன்புள்ள அண்ணா,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் நீங்கள் "பாத்துக்கலாம் தம்பி" என்பீர்கள், நானும் சரி என்று வைத்துவிடுவேன். ஆறு மாதமாக அதுதான் நடக்கிறது. அதனால் எழுதுகிறேன். இதன் நகல் ஒன்றை உங்கள் கணக்குப் பிரிவுக்கும் மெயிலில் அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் 4-ஆம் தேதி உங்கள் யூனிட்டுக்கு 25,000 பீஸ் நெஞ்சுப் பக்க மூன்று கலர் பிரிண்ட் போட்டு அனுப்பினோம். பீஸுக்கு 12 ரூபாய். அன்று மாலையே கேட்டில் டி.சி.யில் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து வாங்கிக்கொண்டார்கள். பில் எண் 118, அதே தேதி. கூலி 3,00,000, ஜி.எஸ்.டி. 5 சதவீதம் 15,000, மொத்தம் 3,15,000 ரூபாய். இதில் நீங்கள் 3,000 ரூபாய் டி.டி.எஸ். பிடித்தம் செய்து என் பான் எண்ணில் கட்டிவிட்டீர்கள். அது எனக்கு வந்துவிட்ட பணம்தான், அதற்கு நான் வட்டி கேட்க முடியாது. ஆக எனக்கு வரவேண்டியது 3,12,000 ரூபாய். வட்டிக் கணக்கு இந்தத் தொகையில்தான் தொடங்குகிறது.

அந்தப் பில்லுக்கான 15,000 ரூபாய் ஜி.எஸ்.டி.யை ஏப்ரல் 20-ஆம் தேதிக்குள் நான் என் கையிலிருந்து கட்டினேன். பார்ட்டி பணம் கொடுத்தாரா என்று அரசாங்கம் கேட்பதில்லை. இங்க் கடைக்காரருக்கு முப்பது நாளில் செக் போனது. வாரக் கூலி சனிக்கிழமைதோறும் போனது. இதையெல்லாம் பேங்க் சி.சி. கணக்கிலிருந்து எடுத்து, மாதாமாதம் அதற்கும் வட்டி கட்டினேன்.

எந்த நாளிலிருந்து வட்டி

உங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள் என்று அச்சடித்திருக்கிறது. நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். ஆனால் எங்கள் யூனிட் 2021-லேயே உத்யமில் குறுந்தொழிலாகப் பதிவானது. பதிவு எண் ஒவ்வொரு பில்லின் தலைப்பிலும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் பிரிவு 15-ன்படி, இருவரும் எழுதி ஒப்புக்கொண்டாலும் தவணை 45 நாளைத் தாண்டக் கூடாது. தவணை எதுவும் பேசாமல் விட்டிருந்தால் 15 நாள்தான்.

நாளை எண்ணத் தொடங்குவது சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாவிட்டால், சரக்கு கைக்கு வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். மார்ச் 4-லிருந்து 45 நாள் ஏப்ரல் 18-ல் முடிகிறது. ஏப்ரல் 19-லிருந்து வட்டி ஓடுகிறது.

ஜூன் மாதம் உங்கள் மெர்ச்சண்டைசர் போன் செய்து, 140 பீஸில் கலர் விலகியிருக்கிறது என்றார். அந்தப் பீஸ்களைக் காட்டச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினேன், ஷிப்மென்ட் போய்விட்டது என்றார்கள். போட்டோ இருந்தாலும் போதும், அந்த 1,680 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் தருகிறேன். என் வேலையில் தப்பு என்றால் அது என்னுடையதுதான். ஆனால் 140 பீஸுக்காக 25,000 பீஸின் கூலியை நிறுத்தி வைப்பது நியாயமில்லை அண்ணா.

எவ்வளவு வட்டி

எங்கள் பழைய பில்லின் அடியில் "தாமதத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீதம்" என்று ஒரு வரி இருக்கும். பிரஸ்ஸில் வழக்கமாகப் போட்டுக் கொடுப்பது அது. சட்டத்தின் பிரிவு 16, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் ரிசர்வ் வங்கி அறிவித்த வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி என்கிறது. கவனிக்க வேண்டியது, இது ரெப்போ விகிதம் அல்ல. ரெப்போ 6.50, வங்கி விகிதம் 6.75. பல பேர் இங்கேதான் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். 2023 பிப்ரவரியிலிருந்து வங்கி விகிதம் 6.75-லேயே நிற்கிறது, இந்த மாதம் 9-ஆம் தேதி அறிவிப்பிலும் மாறவில்லை. ஆகவே ஆண்டுக்கு 20.25 சதவீதம், மாதத்துக்கு 1.6875 சதவீதம்.

ஒரு மாதம் முடிந்ததும் அந்த மாத வட்டியைப் பாக்கியோடு சேர்க்க வேண்டும். அடுத்த மாத வட்டி அந்தக் கூட்டுத்தொகைக்கு. உங்கள் கணக்காளர் எக்செலில் சரிபார்க்க இது போதும், B2-ல் மாதத் தொடக்கப் பாக்கி:

```
=ROUND(B2*20.25/100/12, 2)
```

மாதம் நிறையாத நாட்களுக்கு மட்டும், பாக்கியை 20.25 சதவீதத்தால் பெருக்கி 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் வட்டி.

| காலம் (2024) | தொடக்கப் பாக்கி ரூ. | வட்டி ரூ. | முடிவுப் பாக்கி ரூ. |
|---|---|---|---|
| ஏப். 19 – மே 18 | 3,12,000.00 | 5,265.00 | 3,17,265.00 |
| மே 19 – ஜூன் 18 | 3,17,265.00 | 5,353.85 | 3,22,618.85 |
| ஜூன் 19 – ஜூலை 18 | 3,22,618.85 | 5,444.19 | 3,28,063.04 |
| ஜூலை 18-ல் வரவு | | | – 1,00,000.00 |
| ஜூலை 19 – ஆக. 18 | 2,28,063.04 | 3,848.56 | 2,31,911.60 |
| ஆக. 19 – செப். 18 | 2,31,911.60 | 3,913.51 | 2,35,825.11 |
| செப். 19 – அக். 18 | 2,35,825.11 | 3,979.55 | 2,39,804.66 |
| அக். 19 – அக். 21, 3 நாள் | 2,39,804.66 | 399.13 | 2,40,203.79 |

ஜூலை 18-ல் நீங்கள் அனுப்பிய ஒரு லட்சத்தை அசலில் கழித்தீர்களா வட்டியில் கழித்தீர்களா என்று உங்கள் ஆடிட்டர் கேட்கக்கூடும். அன்றுதான் மாதமும் முடிகிறது, வட்டியும் பாக்கியோடு சேர்கிறது. எதில் கழித்தாலும் மீதம் 2,28,063.04 தான் வரும்.

ஆக இன்றைய தேதியில் அசல் பாக்கி 2,12,000, வட்டி 28,203.79, மொத்தம் 2,40,203.79 ரூபாய். இனி ஒவ்வொரு நாளுக்கும் 133 ரூபாய் 4 காசு கூடும். நவம்பர் 18-க்குள் தீராவிட்டால் அந்த மாத வட்டியும் பாக்கியில் சேர்ந்துவிடும்.

தாமத வட்டியும் ஜி.எஸ்.டி. சட்டப்படி வேலையின் மதிப்பில் சேரும். வட்டி என் கைக்கு வரும் தேதியில் அதற்கு 5 சதவீத வரி உண்டு. இன்றைய வட்டிக்கு அது 1,410.19 ரூபாய். டெபிட் நோட்டில் தனியாகக் காட்டியிருக்கிறேன், அதற்கான உள்ளீட்டு வரி வரவை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் ஆடிட்டரிடம் மூன்று விஷயம் கேட்டுப் பாருங்கள். பில் தேதியிலிருந்து 180 நாள் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிட்டது, பணம் கொடுக்காத பகுதிக்கு எடுத்த ஜி.எஸ்.டி. வரவைத் திருப்பியாக வேண்டும், எனக்குக் கொடுத்த பிறகே மறுபடி எடுக்க முடியும். வருமான வரிச் சட்டம் 43பி(எச்) பிரிவின்படி, 45 நாளைத் தாண்டியதால் இந்தச் செலவைக் கடந்த நிதியாண்டில் கழிக்க முடியாது, கொடுக்கிற ஆண்டில்தான் கழியும். 2025 மார்ச் 31-ஐயும் தாண்டினால் இந்த ஆண்டும் போய்விடும். மூன்றாவது, எனக்குத் தரும் இந்த வட்டியை நீங்கள் செலவாகவே காட்ட முடியாது, மேலே சொன்ன 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 23 அப்படிச் சொல்கிறது. பணத்தை நிறுத்தி வைப்பதில் உங்களுக்கும் லாபம் இல்லை என்பதைக் காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது

31-ஆம் தேதி தீபாவளி. எங்கள் யூனிட்டில் பதினொரு பேர். டேபிளில் நின்று உங்கள் 25,000 பீஸையும் இழுத்தவர்கள் அவர்கள்தான், அதில் இரண்டு ஞாயிறு ராத்திரி வேலையும் உண்டு. வரும் சனிக்கிழமை, 26-ஆம் தேதி அவர்களுக்குப் போனஸ் போட வேண்டும். அசல் 2,12,000 ரூபாய் அன்றைக்குள் வந்துவிட வேண்டும். வட்டியையும் அதற்கான வரியையும் நவம்பர் 15-க்குள் கொடுங்கள். அசல் வந்த நாளோடு வட்டியை நிறுத்திக்கொள்கிறேன், மீதி வட்டிக்கு மேலும் வட்டி போட மாட்டேன். இது ஆறு வருஷப் பழக்கத்துக்காக நானாகச் செய்வது.

26-ஆம் தேதிக்குள் அசல் வராவிட்டால், தீபாவளி முடிந்ததும் நவம்பர் 4-ஆம் தேதி சமாதான் தளத்தில், இந்தச் சட்டப்படி பாக்கி வழக்குகளை விசாரிக்கும் கோயம்புத்தூர் வசதி மன்றத்துக்கு மனுப் போடுவேன். அங்கே மேலே சொன்ன முழு வட்டியும், பணம் தீரும் நாள் வரைக்கும் கேட்பேன். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும் என்பதும் உங்கள் வக்கீலுக்குத் தெரியும். மனுப் போடுகிற நிலைக்கு நாம் போக வேண்டாம் என்பதே என் விருப்பம்.

இனி வரும் பில்களில் உள்ள விதி

பழைய 18 சதவீத வரியை எடுத்துவிட்டேன். நவம்பர் 1 முதல் எல்லாப் பார்ட்டிகளுக்கும் பில்லில் கீழ்க்கண்டது அச்சாகும். உங்களுக்கு மட்டும் தனியாகப் போட்டதல்ல.

> தாமத வட்டி: இந்தப் பில்லின் தொகை, சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் செலுத்தப்பட வேண்டும். குறை ஏதும் இருந்தால் ஒப்படைத்த 15 நாளுக்குள், பீஸ் எண்ணிக்கையோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவணை தாண்டிய மறுநாள் முதல், டி.டி.எஸ். நீங்கலாக நிலுவையில் உள்ள தொகைக்கு, ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வீதத்தில் மாதாந்தரக் கூட்டு வட்டி விதிக்கப்படும். வங்கி விகிதம் மாறினால், மாறிய நாளிலிருந்து புதிய வீதம் கணக்கிடப்படும். மாதம் நிறையாத நாட்களுக்கு 365 நாள் அடிப்படையில் நாள் வட்டி. பகுதித் தொகை செலுத்தினால், செலுத்திய நாளிலிருந்து மீதத்துக்கு மட்டும் வட்டி. வட்டிக்குரிய ஜி.எஸ்.டி. தனி. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006, பிரிவுகள் 15 முதல் 18 வரை பொருந்தும்.

உங்கள் அடுத்த ஆர்டருக்கான ஸ்கிரீன் தயாராகத்தான் இருக்கிறது. இந்தப் பாக்கி தீர்ந்ததும் டேபிளில் ஏற்றுகிறேன்.

அன்புடன்,
உரிமையாளர், ஸ்கிரீன் பிரிண்டிங் யூனிட், திருப்பூர்

இணைப்பு: பில் 118, கையெழுத்திட்ட டி.சி., டெபிட் நோட், உத்யம் சான்றிதழ், ஜூலை 18 வரவுக்கான வங்கிக் கணக்குப் பக்கம்