உங்கட மூன்று டாரட் கார்ட்: நடுவில பேஜ் ஒஃப் பெண்டகிள்ஸ்

தங்கச்சி, "ரெண்டு வருசமாப் பழகுறம், அவர் ஒருக்காக்கூட வாய் திறந்து விருப்பம் எண்டு சொல்லேல்லை, மனசில ஏதும் இருக்கோ?" எண்ட உங்கட கேள்வியை வைச்சுத்தான் எடுத்தனான். உங்களுக்கு நைட் ஒஃப் வாண்ட்ஸ், அவருக்கு பேஜ் ஒஃப் பெண்டகிள்ஸ், இனி என்ன எண்டதுக்கு செவன் ஒஃப் பெண்டகிள்ஸ்.

உங்கடையைப் பற்றி நீட்டத் தேவையில்லை. குதிரை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிக்குது. மெசேஜில நீலக் கோடு விழுந்தும் பதில் வராட்டி உங்களுக்கு நித்திரை இல்லை, சரியோ?

அவற்ற கார்ட்டை வடிவாப் பாருங்கோ, படம் அனுப்பியிருக்கிறன். பூப்பூத்த புல்வெளியில ஒரு பெடியன், நாணயத்தை ரெண்டு கையாலும் முகத்துக்கு நேர தூக்கிப் பிடிச்சிருக்கிறான். இறுக்கிப் பிடிக்கேல்லை, விரல் நுனியில தாங்குறான். பின்னால உழுத நிலம். பெண்டகிள்ஸ் மண் சார்ந்தது: வேலை, காசு, படிப்பு. பேஜ் எண்டால் இன்னும் பழகிக்கொண்டிருக்கிற ஆள். கோட்டையில வேலை, இரவில சாட்டர்ட் சோதனைக்குப் படிப்பு எண்டு எழுதியிருந்தீங்கள். காதலையும் அவர் ஒரு பாடம் மாதிரித்தான் எடுக்கிறார். விடை சரியெண்டு தெரியாமல் எழுத மாட்டார்.

அம்மான்ர கண் ஒபரேசனுக்கு விடிய வெள்ளன வந்து நம்பர் எடுத்துக் குடுத்தவர் எண்டதை ஒரு வரியில எழுதிப்போட்டுத் தாண்டிப் போயிட்டீங்கள். நான் அதிலதான் நிண்டனான். மனசில ஒண்டும் இல்லாதவன் அந்த நேரத்தில பஸ் ஏறான்.

ஆனால் ஒண்டு, அந்தப் பெடியன்ர கண் நாணயத்திலதான். முன்னால நிக்கிற ஆளில இல்லை. கார்ட் நேராத்தான் விழுந்தது. தலைகீழா வந்திருந்தால் தள்ளிப்போடுற ஆள் எண்டு சொல்லியிருப்பன். அவர் ஒளிக்கேல்லை, நீங்கள் காத்திருக்கிறது அவருக்குத் தெரியேல்லை.

மூன்றாவதில தோட்டக்காரன் மண்வெட்டியில சாய்ஞ்சு நிக்கிறான். செடியில ஆறு நாணயம், காலடியில ஒண்டு. "பொறுமையா இருங்கோ" எண்டு சொல்லி முடிக்கிற கார்ட் எண்டு கன பேர் வாசிப்பினம். எனக்கு அது சரியாப் படேல்லை. அவன் நிண்டு கணக்குப் பார்க்கிறான். நீங்களும் பாருங்கோ.

"என்னில விருப்பமோ?" எண்டு மெசேஜில கேக்காதேங்கோ. மெரின் டிரைவில நடக்கேக்க, "சோதனை முடிய வீட்டில எப்ப கதைப்பீங்கள்?" எண்டு நேர கேளுங்கோ. பிடிச்சு நிக்க ஒரு விசயம் இருந்தால்தான் இவருக்குப் பேச்சு வரும். "யோசிச்சுச் சொல்லுறன்" எண்டுதான் முதல்ல சொல்லுவார்; அது தட்டிக்கழிக்கிறது இல்லை, ஒரு கிழமை விடுங்கோ. திரும்பவும் அதையே சொன்னால், அதுதான் பதில் எண்டு எடுங்கோ.

திகதி கேட்டீங்கள். கார்ட்டில திகதி வராது. கேட்டு முடியுமட்டும் இதே கேள்விக்குத் திரும்ப எடுக்கவும் மாட்டன், காசு தந்தாலும்.