பொரி போடும்போது எடுத்த படம்

நேற்று பாளையங்கோட்டையில் அக்கா கல்யாணம். தாலி கட்டுகிற படத்தை இந்நேரம் எல்லாரும் ஸ்டேட்டஸில் பார்த்திருப்பீர்கள். சித்தப்பா ஒருத்தரே அதை விதவிதமாக வைத்துக்கொண்டிருக்கிறார். நான் போடுவது அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தது. அக்கினி முன்னால் அக்காவும் அத்தானும் கையைச் சேர்த்து நீட்டியிருக்கிறார்கள். சுளகிலிருந்து பொரியை அள்ளி நான் அந்தக் கையில் போடுகிறேன். பொண்ணுக்கு உடன்பிறந்தவன் செய்ய வேண்டிய சடங்கு. மாப்பிள்ளை அழைப்பில் அத்தானுக்கு மாலை போட்டதும் இதுவும்தான் மேடையில் எனக்கு இருந்த வேலை. மிச்ச நேரமெல்லாம் பந்தியில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா என்னைப் பார்க்கிற பார்வையைப் பாசம் என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம். “ஏல, சிந்தாமப் போடு” என்று வாயைத் திறக்காமல் சொல்கிறாள். அத்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாலே தெரியும்.

இந்தப் படத்தைப் போட முக்கியமான காரணம் சேலை. “புதுப்பட்டுல எப்படிம்மா சாயம் இறங்குச்சு, எந்தக் கடை?” என்று நேற்று மண்டபத்தில் கேட்காத ஆள் இல்லை. கடைமேல் தப்பு இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு முந்தி. முந்தியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு அரக்கு மஞ்சளுக்குள் ஓடியிருக்கிறது. அது 2023 டிசம்பர் வெள்ளம்.

கல்யாணம் முதலில் தை மாதத்துக்குத்தான் குறித்திருந்தது. பத்திரிகை அடித்து, சேலை எடுத்து, பிளவுஸ் தைக்கக் கொடுத்தாயிற்று. மார்கழி முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, மழை நிற்கவே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். தாமிரபரணி பெருகி வருவது எங்களுக்குப் புதிதில்லை. குறுக்குத்துறை முருகன் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறவர். வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோவிலுக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள், தண்ணீர் வடிந்ததும் திரும்ப வருவார். அந்தத் தைரியத்தில்தான் சிந்துபூந்துறையில் எங்கள் வீட்டிலும் உட்கார்ந்திருந்தோம். வாசல்படியில் இருந்த தண்ணீர், நாங்கள் ஆச்சியைத் தூக்கி மாடி வீட்டில் உட்கார வைப்பதற்குள் கட்டில் உயரத்துக்கு வந்துவிட்டது. அடுக்களையில் கேஸ் சிலிண்டர் மிதந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

எல்லாரும் மேலே ஏறின பிறகும் அக்கா திரும்ப வீட்டுக்குள் போனாள். அப்பா கத்தினது ஆற்றுச் சத்தத்தில் கேட்கவில்லை. ஒரு மஞ்சள் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே வீட்டுப் பத்திரம், ஆச்சியின் மாத்திரை டப்பா, என் சர்ட்டிபிகேட் பைல். முகூர்த்தச் சேலை பீரோவின் கீழ்த்தட்டிலேயே கிடந்தது.

தண்ணீர் வடிந்து பீரோவைத் திறந்தபோது சேலை சேற்றில் ஊறிப்போயிருந்தது. “ஏன்க்கா எடுக்கல?” என்று கேட்டேன். “சேல கடையில கிடைக்கும்ல” என்றாள். அடுத்த மாதம் சென்னையில் இன்டர்வியூவுக்கு அந்தப் பைலைத்தான் கொண்டுபோனேன். இப்போது பார்க்கிற வேலை அதில் கிடைத்ததுதான். இதைப் பற்றி எங்கள் வீட்டில் அதற்கு மேல் யாரும் பேசினதில்லை, இங்கேயும் இவ்வளவு போதும். தியாகம் கியாகம் என்று எழுதினால் மறுவீட்டிலிருந்தே போன் வரும்.

அத்தானுக்கு ஏரலில் பாத்திரக்கடை. ஏரல் எப்படிக் கிடந்தது என்று அந்த வாரம் பேப்பர் படித்தவர்களுக்குத் தெரியும். போன் கிடையாது, பாதை கிடையாது, அங்கே யார் எப்படி இருக்கிறார்கள் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. பாதை விட்டதும் பைக்கில் வந்து இறங்கினார், முழங்கால் வரைக்கும் சேறு. “வாங்க மாப்ள” என்று சொல்லி உட்கார வைக்க ஒரு காய்ந்த நாற்காலி இல்லை, அம்மா திணறிவிட்டாள். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேரே பின்கட்டுக்குப் போய்விட்டார். சொந்தக் கடை உள்ளே அதைவிடப் பெரிய சேறு கிடக்கும்போது. இவர் சரியான ஆள்தான் என்று அப்பா முடிவு செய்தது ஜாதகம் பார்த்த அன்றைக்கு இல்லை, அன்றைக்குத்தான்.

கடையை நிமிர்த்தாமல் கல்யாணம் வேண்டாம் என்று ரெண்டு வீட்டாரும் பேசித்தான் வைகாசிக்குத் தள்ளினோம். சீர்ப் பாத்திரம் வாங்கக் கிளம்பின அப்பாவிடம், “புதுசா எதுக்கு மாமா? சேறு கழுவுனா எங்க கடையிலயே கிடக்கு” என்று அத்தான் சொல்லிவிட்டார். படத்தில் வலது ஓரமாக நிற்கிற குத்துவிளக்கு அப்படிக் கழுவினதுதான். புளி போட்டு விளக்கியது நான். கை ரெண்டும் நாறியதைப் பற்றி யாரும் பாராட்டிப் பேசவில்லை, அதனால் நானே இங்கே பதிந்துகொள்கிறேன்.

சேலையை டவுனில் பட்டுக்குப் பாலிஷ் போடுகிறவரிடம் கொடுத்தோம். சேறு போனது, வாடை போனது, ஓடின சாயம் போகவில்லை. வேறு எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் முதல் மாதச் சம்பளத்தில் எடுத்துத் தருகிறேன் என்றேன். பெரியம்மைதான் கடைசிவரைக்கும் விடவில்லை. வெள்ளத்துல நனைஞ்ச சேலைய மணவறையில உடுத்துறது நல்லால்ல என்று போன் மேல் போன். அக்கா போனை வாங்கி, “தாமிரபரணித் தண்ணிதான பெரியம்மை பட்டிருக்கு? தைப்பூசத்துக்கு நீங்களே படித்துறையில போயி முங்கிட்டுத்தான வந்தீங்க” என்றாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. நேற்று அந்த முந்தி சரியாக விழும்படி பின் குத்திவிட்டதே பெரியம்மைதான்.

மேடையில் இந்தப் பொரியைப் போடும்போது எனக்குக் கண் அந்தச் சாயம் ஓடின இடத்திலேயே நின்றது. அதனால்தான் கொஞ்சம் சிந்தினது. புகை கண்ணில் பட்டது என்று சொல்லியிருக்கிறேன், நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஏன் படத்தில் இல்லை என்று கேட்கிறவர்களுக்கு: தாலி கட்டி முடிந்ததும் பந்திக்குப் போய் இலை எண்ண ஆரம்பித்துவிட்டார். ஆச்சி அழுதாள். அவள் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கும் அழுகிறவள். அம்மா அழவில்லை, ஆனால் அக்காவின் பெட்டியை மூன்று முறை பிரித்து அடுக்கினாள்.

இன்றைக்கு மறுநாள் சொதி. தேங்காய்ப்பால் எடுத்துத் தோள் வலி ஒரு பக்கம், பந்தியில் அத்தானுக்கு இஞ்சித் துவையல் ரெண்டு தடவை போனது இன்னொரு பக்கம். மாப்பிள்ளை வீட்டார் கிளம்பும்போது ஒரு தூக்குவாளிச் சொதி கேட்டு வாங்கிப் போனார்கள். வாளி அவர்கள் கடை வாளி, அதனால் திரும்ப வருமா என்று அம்மாவுக்குக் கவலை இல்லை.

படம் எடுத்தது சித்தி மகன், போனில். கேமராக்காரர் ஆல்பம் தர ஆடி ஆகுமாம், அதுவரைக்கும் இதை வைத்துக்கொள்ளுங்கள். அக்காவை டேக் செய்யவில்லை. யாராவது அவளுக்கு அனுப்பத்தான் போகிறீர்கள், அனுப்பும்போது பொரி சிந்தினதை மட்டும் வெட்டிவிட்டு அனுப்புங்கள்.